வெலோசிட்டி குழுக்களை ஒப்பிடும் தராசு அல்ல

கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனங்களில் நமது இளைஞர், யுவதிகள் கணிசமானோர் பணியாற்றி வருகின்றனர். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக இயங்கும் இந்நிறுவனங்கள் பலவற்றில், வேலையை இரண்டு வாரப் பணிச்சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை வழக்கமாகிவிட்டது. 'ஸ்பிரின்ட்' எனப்படும் இச்சுற்று ஒவ்வொன்றின் முடிவிலும், குழு எத்தனை புள்ளி பெறுமதியான வேலையை முடித்தது எனக் கணக்கிடுவர். அந்த எண்ணிக்கையே 'வெலோசிட்டி', அதாவது குழுவின் வேகம் என அழைக்கப்படுகிறது. இரு குழுக்களின் எண்களை அருகருகே வைத்து, எக்குழு கூடுதலாக உழைக்கிறது எனத் தீர்மானிக்க முகாமையாளர்கள் முற்படுவதும் உண்டு. ஊழியர்களின் வருடாந்த மதிப்பீடே இதில் தங்கியிருக்கக் கூடும் என்பதால், அந்த எண் எதைக் கூறுகிறது, எதைக் கூறவில்லை என்பதை ஆராய்வது அவசியமாகின்றது.

முதலில் புள்ளி என்பது யாது? அது மணித்தியாலமும் அல்ல, நாளும் அல்ல. ஒரு குழுவினர் தமக்கு நன்கு பழக்கமான சிறிய வேலையொன்றைத் தெரிந்தெடுத்து, அதற்கு 1 அல்லது 2 என இலக்கமிடுகின்றனர். ஏனைய வேலைகளை அதனுடன் ஒப்பிட்டு 3, 5, 8 என மதிப்பிடுகின்றனர். எந்த வேலையை அடிப்படையாகக் கொள்வது என்பது முற்றிலும் அக்குழுவின் விருப்பமாகும்.

இதன் தோற்றமும் அறியத்தக்கது. 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' என்ற முறையை உருவாக்கியோரில் ஒருவரான ரொன் ஜெஃப்ரீஸ் 2019ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இதனை விபரித்துள்ளார். ஆரம்பத்தில் இடையூறு ஏதுமற்ற 'இலட்சிய நாள்' என்ற அளவிலேயே வேலைகள் மதிப்பிடப்பட்டன. நடைமுறையில் அத்தகைய ஒரு நாள் வேலைக்கு ஏறத்தாழ மூன்று நாட்கள் சென்றதால், ஒரு நாள் வேலைக்கு ஏன் மூன்று நாள் என்ற கேள்வி எழுந்தது. அக்குழப்பத்தைத் தவிர்க்கவே 'புள்ளி' என்ற பெயர் வந்தது. புள்ளிகளைக் கண்டுபிடித்தவர் தாமாக இருக்கக்கூடும் எனக் கூறும் அவர், அவை பயன்படுத்தப்படும் விதம் குறித்து வருத்தமும் தெரிவித்திருந்தார். குழுக்களை ஒப்பிடுவது அவர் சுட்டிக்காட்டிய தவறுகளில் ஒன்றாகும்.

இதனை நமது சமையலறையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஒரு வீட்டில் பால்பேணியால் அரிசி அளக்கிறார்கள். அடுத்த வீட்டில் தேநீர்க் கோப்பையால் அளக்கிறார்கள். முதல் வீட்டில் நாளொன்றுக்கு மூன்று, அடுத்த வீட்டில் ஆறு என்பதால், அடுத்த வீட்டில் இரு மடங்கு சோறு சமைக்கப்படுகிறது எனக் கூற முடியுமா? எனினும் தமது மூட்டையில் எத்தனை பேணி அரிசி உள்ளது என்பதை அறிந்த முதல் வீட்டார், அது எத்தனை நாளைக்குப் போதும் என்பதைச் சரியாகவே கூறுவர். வெலோசிட்டியும் அத்தகையதே. அடுத்த வீட்டுடன் ஒப்பிட அது உதவாது; தன் வீட்டு மூட்டை எப்போது முடியும் என்பதைக் கணிக்க உதவும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரே வாடிக்கையாளருக்காக லண்டனில் ஒரு குழுவும் கொழும்பில் ஒரு குழுவும் பணியாற்றுவதாகக் கொள்வோம். லண்டன் குழுவின் சராசரி வெலோசிட்டி 52. கொழும்புக் குழுவினது 26. கொழும்புக் குழு பாதி வேலையே செய்கிறது என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் கொழும்பில் 1 புள்ளி பெறும் அதே அளவு வேலைக்கு லண்டனில் 2 புள்ளி வழங்கப்படுமாயின், இரு எண்களும் ஒரே அளவு வேலையையே குறிக்கின்றன. போதாக்குறைக்கு, பாவனையிலுள்ள மென்பொருளில் எழும் பழுதுகளைத் திருத்துவதும் கொழும்புக் குழுவின் பொறுப்பாக இருந்து, அதற்குப் புள்ளி வழங்கப்படாவிட்டால், அந்த உழைப்பு கணக்கிலேயே வராது.

இனி, 26 என்ற எண்ணின் உண்மையான பயனைக் கவனிப்போம். கொழும்புக் குழுவின் கடந்த எட்டு ஸ்பிரின்ட்களின் வெலோசிட்டி முறையே 21, 31, 27, 18, 30, 28, 24, 29 என்க. எஞ்சியுள்ள வேலை 208 புள்ளிகள். சராசரியால் வகுத்தால் 8 ஸ்பிரின்ட்கள், அதாவது 16 வாரங்கள். ஆனால் இந்த ஒற்றைத் திகதியை வாக்குறுதியாக வழங்குவது விவேகமன்று. சராசரி என்பது சில வேளை எட்டப்படுவதும் சில வேளை தவறுவதுமான எண்ணாகும். ஆகவே மிகக் குறைந்த மூன்று எண்களின் சராசரியையும் (21), மிகக் கூடிய மூன்றின் சராசரியையும் (30) எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு வகுத்தால், வேலை 7 முதல் 10 ஸ்பிரின்ட்களுக்குள், அதாவது 14 முதல் 20 வாரங்களுக்குள் முடியும் என்ற வீச்சு கிடைக்கிறது. 18 என்ற குறைந்த எண் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்துக்குரியது எனினும், அதனை நீக்கிவிடலாகாது. வருங்காலத்திலும் விடுமுறைகள் வரவே செய்யும்.

இதிலும் ஒரு குறை உண்டு. வாடிக்கையாளர் இடையிடையே புதிய வேலைகளைச் சேர்ப்பது வழமையாகும். ஸ்பிரின்ட் ஒன்றுக்குச் சராசரியாக 4 புள்ளி சேர்கிறது எனில், மூட்டை குறையும் வேகம் 30 இலிருந்து 26 ஆகவும், 21 இலிருந்து 17 ஆகவும் குறைகிறது. அப்போது கணிப்பு 8 முதல் 13 ஸ்பிரின்ட்கள், அதாவது 16 முதல் 26 வாரங்கள் என நீள்கிறது. வேலை தாமதமாவதற்குக் குழுவின் மந்தம் மட்டுமே காரணம் எனக் கருதுவோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவாகும். மேலும், முற்றாக முடிந்த வேலைக்கு மட்டுமே புள்ளி வழங்குவதும், குழுவின் அங்கத்தவர்கள் மாறினால் பழைய எண்களைக் கைவிட்டு மீண்டும் சில ஸ்பிரின்ட்கள் காத்திருப்பதும் இக்கணிப்புக்கு இன்றியமையாதவை.

இவ்வளவு பயனுள்ள கணிப்பை ஒப்பீடு எவ்வாறு பாழாக்குகிறது என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது. லண்டனின் 52ஐக் காட்டிக் கொழும்புக் குழு கண்டிக்கப்படுகிறது என்போம். அடுத்த மதிப்பீட்டுக் கூட்டத்தில், முன்னர் 2 பெற்ற வேலைக்கு 3 வழங்கப்படும். முன்னர் 5 பெற்றது 8 ஆகும். எவரும் பொய் கூற வேண்டியதில்லை. ஐயம் எழும்போதெல்லாம் பெரிய எண்ணைத் தெரிவு செய்தாலே போதுமானது. சில மாதங்களில் வெலோசிட்டி 39 ஆக உயர்கிறது. முகாமையாளர் மகிழ்கிறார். ஆனால் எஞ்சியுள்ள 208 புள்ளிகள் பழைய அளவில் மதிப்பிடப்பட்டவை. அவற்றை 39ஆல் வகுத்து, 6 ஸ்பிரின்ட்களில், அதாவது 12 வாரங்களில் முடித்துத் தருவதாக வாடிக்கையாளருக்கு வாக்களிக்கப்படுகிறது. உண்மையில் தேவைப்படுவதோ சராசரியாக 16 வாரங்கள். அந்த நான்கு வார இடைவெளியை இரவு விழித்தும், விடுமுறையைத் துறந்தும் நிரப்ப வேண்டியவர்கள் ஊழியர்களே.

இத்தகைய பணவீக்கத்தைக் கண்டறிவது கடினமன்று. புள்ளிகளை மறந்து, ஸ்பிரின்ட் ஒன்றில் முடிந்த வேலைகளின் எண்ணிக்கையை எண்ணிப் பார்த்தால் போதும். முன்னரும் ஒன்பது, இப்போதும் ஒன்பது, வேலைகளின் தன்மையும் மாறவில்லை எனில், பெருகியது உழைப்பல்ல, எண்ணே ஆகும். அளவுகோல் ஒன்று இலக்காக மாறினால் அது தன் பெறுமதியை இழக்கும் என்ற கருத்து, 1975இல் நாணயக் கொள்கை பற்றி எழுதிய பிரித்தானியப் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட்டின் பெயரால் அறியப்படுகிறது.

எனவே, வெலோசிட்டியைக் குழுவின் கையிலேயே விட்டுவிடுவதே உகந்ததாகும். முகாமையாளர் குழுவிடம் கேட்க வேண்டியது எத்தனை புள்ளி என்பதையல்ல. வேலை எந்தத் திகதிக்கும் எந்தத் திகதிக்கும் இடையில் முடியும், அந்த இடைவெளி கடந்த மாதத்தைவிடக் குறுகியுள்ளதா என்பதையே. பேணியை அடுத்த வீட்டுக் கோப்பையுடன் ஒப்பிட்டுப் பழி சுமத்தினால், நாளை பேணியின் அளவு சுருங்கும்; மூட்டை எப்போது முடியும் என்பது எவருக்கும் தெரியாமற் போகும்.