பிரிவுபசார விழாவுக்கு ஓர் எளிய ஆங்கில உரை

எங்கள் பள்ளியில் ஆசிரியை ஒருவர் ஓய்வு பெறும்போது மாணவியர் சார்பில் இரண்டு உரைகள் நிகழ்வது வழக்கம். ஒன்று தமிழில், மற்றொன்று ஆங்கிலத்தில். இவ்வாண்டு விடைபெற்றவர், தமிழ்வழிப் பிரிவில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்த எங்கள் ஆசிரியை. ஆங்கில உரையை எழுதும் பொறுப்பு பத்தாம் வகுப்பாகிய எங்களிடம் வந்தது. அதை எழுதிய விதத்தை, வரும் ஆண்டுகளில் இப்பணியை ஏற்கப்போகும் தங்கையருக்காக இங்கே கூறுகிறோம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, இவ்வுரை யாருடைய காதுக்காக என்பதே. சிறப்பு விருந்தினருக்காகவா, சபையில் வீற்றிருக்கும் சிஸ்டர்களுக்காகவா? இல்லை, ஓய்வு பெறும் ஆசிரியைக்காக என்று முடிவு செய்தோம். வாழ்நாளெல்லாம் வர்க்கமூலம், பரிதி, விகிதமுறு எண் என்று தமிழில் கணிதம் நடத்தியவர் அவர். ஆங்கிலம் படித்தறியாதவர் அல்லர். ஆனால் கண்ணால் படிப்பது வேறு, ஒலிபெருக்கியில் ஒரே முறை கேட்டுப் புரிந்துகொள்வது வேறு. தம்மைப் பற்றிய புகழுரை தமக்கே புரியாமல், மாலையும் கழுத்துமாக ஒருவர் மேடையில் புன்னகைத்துக்கொண்டிருப்பதைப் போன்ற சங்கடம் வேறில்லை. எனவே எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் வரக்கூடிய சொற்கள் மட்டுமே போதும் என்று வைத்துக்கொண்டோம். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொற்கள் பேசலாம். இரண்டு நிமிட உரைக்கு 200 சொற்கள். அதாவது சிறு வாக்கியங்களாக இருபத்தைந்து. அதற்கு மேல் வேண்டியதில்லை.

அடுத்து, ஆங்கிலத்தைத் தொடுவதற்கு முன் செய்திகளைத் தமிழில் குறித்துக்கொண்டோம். 'தன்னை உருக்கி ஒளி தரும் மெழுகுவர்த்தி' எல்லாப் பிரிவுரையிலும் எரிந்துகொண்டிருக்கிறது. ஒரு வாக்கியத்தை வேறோர் ஆசிரியையின் பெயரைப் போட்டுப் படித்தாலும் பொருந்துகிறதென்றால், அதை அடித்துவிடலாம். இந்தச் சோதனைக்குப் பின் எங்களிடம் மூன்று செய்திகள் மிஞ்சின. கோணங்களைக் கற்பிக்க அவர் விளக்குமாற்றுக் குச்சிகளைக் கொண்டுவருவார். கடைசிப் பெஞ்சுக்குப் புரியாமல் அடுத்த கணக்குக்குப் போகமாட்டார். மூன்றாவது, 'வேகம் வேண்டாம், விடை வேண்டும்' என்று அவர் அடிக்கடி சொல்லும் சொல். இந்த மூன்றும் இருந்தால் இரண்டு நிமிடம் தாராளமாக நிறையும்.

இனித்தான் மொழிபெயர்ப்பின் தொல்லை. தமிழில், 'கடைசிப் பெஞ்சில் உள்ளவர்களுக்கும் புரியும்வரை பொறுமையோடு காத்திருந்து அடுத்த கணக்குக்குச் செல்லும் எங்கள் அன்பு ஆசிரியை அவர்கள்' என்று நீட்டிக்கொண்டே போகலாம். நமக்கு மூச்சும் வாங்காது, பொருளும் குழம்பாது. ஆங்கிலத்தில் அப்படி அடைமொழிகளை முன்னே அடுக்கினால், வினைச்சொல் வருவதற்குள் கேட்பவருக்கு எழுவாய் மறந்துவிடும். ஆகவே ஒரு வாக்கியத்துக்கு ஒரே வினை என்று பிரித்தோம். 'ஷீ டிட் நாட் ஹரி. ஷீ வெயிட்டட் ஃபார் தி லாஸ்ட் பெஞ்ச். தென் ஷீ வென்ட் டு தி நெக்ஸ்ட் சம்.' மூன்று குட்டி வாக்கியங்கள். முதல் வகுப்புக் குழந்தைக்கும் புரியும். ஆனால் ஒரு செய்தியும் குறையவில்லை.

இன்னொன்று, மரியாதை. தமிழில் 'ஆசிரியை வந்தார்கள், சொன்னார்கள்' என்று பலர்பாலில் சொல்லிப் பழகிய நாவுக்கு, ஆங்கிலத்தில் 'ஷீ' என்பது கொஞ்சம் துடுக்காகப்படும். அதனால் சிலர் ஒரே ஆசிரியையை 'தே' என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர்கள் எத்தனை ஆசிரியைகள் என்று மேடையில் எண்ணத் தொடங்குவார்கள்! ஆங்கிலப் படர்க்கையில் 'அவள்', 'அவர்' என்ற வேறுபாடு கிடையாது. 'ஷீ' என்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. மரியாதையை வேறிடத்தில் வைக்கலாம். முதலில் 'மிஸஸ்' என்று பெயரை முழுமையாகச் சொல்வது. பிறகு அவர் செய்த காரியங்களைத் துல்லியமாகச் சொல்வது.

காலம் காட்டுவதிலும் கவனம் தேவை. 'கற்பித்து வருகிறார்' என்பதை அப்படியே மாற்றினால் 'ஷீ இஸ் டீச்சிங் ஃபார் 31 இயர்ஸ்' என்று வரும். இலக்கணப்படி 'ஷீ ஹாஸ் டாட் ஃபார் 31 இயர்ஸ்' என்பதே சரி. முன்பு தொடங்கிய செயல் இன்றுவரை நீள்கிறது என்பதை இந்த வடிவம் காட்டும். 'ஃபார்' என்பதற்குப் பின் கால அளவு வரும். 'சின்ஸ்' என்பதற்குப் பின் தொடங்கிய ஆண்டு வரும். 1994-இல் சேர்ந்தவர் என்றால் 'சின்ஸ் 1994'. 'சின்ஸ் 31 இயர்ஸ்' தவறு. 'ஹாஸ்' இல்லாமல் வெறும் 'டாட்' என்றால் அந்த வேலை முடிந்துபோனது என்று பொருள். பிரிவுபசார விழா அவருடைய கடைசிப் பணி நாளன்று மாலையில் நடந்தது. அன்று மாலைவரை அவர் எங்கள் ஆசிரியைதான். அதனால் அந்த 'ஹாஸ்' எங்களுக்கு முக்கியமாகப் பட்டது.

அவருடைய சொல்லை மட்டும் நாங்கள் மொழிபெயர்க்கவில்லை. 'ஷீ ஆல்வேஸ் டோல்ட் அஸ்' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, சற்று நிறுத்தி, 'வேகம் வேண்டாம், விடை வேண்டும்' என்று தமிழிலேயே சொல்லும்படி அமைத்தோம். ஆங்கில உரைக்குள் தமிழ் எதற்கு என்று ஒரு தோழி தடை எழுப்பினாள். 31 ஆண்டுகள் தமிழில் ஒலித்த சொல்லை ஆங்கிலமாக்கினால் அது அவர் சொன்னதாகாது என்பது எங்கள் பதில்.

பேசப்போகும் தோழி தமிழ்வழியில் படிப்பவள். மனப்பாடம் செய்வதற்காக உரை முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். நல்ல வழிதான், ஆனால் அதில் ஒரு பள்ளம் உண்டு. நம் 'ப' இரண்டு ஆங்கில ஒலிகளுக்குப் பொது. 'வீ பிரே ஃபார் யூ' என்று எழுதியதை உதட்டை மெல்ல வெடித்துச் சொன்னால் 'உமக்காக ஜெபிக்கிறோம்'. தொண்டையை அதிரவிட்டுச் சொன்னால் 'உமக்காகக் கழுதைபோல் கத்துகிறோம்'. 'டாட்' என்பதை நாக்கைப் பல்லில் வைத்துத் 'தாட்' என்றுவிட்டால், கற்பித்தார் என்பது நினைத்தார் என்றாகிவிடும். இப்படிப்பட்ட ஐந்து சொற்களைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, ஆங்கில ஆசிரியையிடம் மும்முறை சொல்லிக் காட்டச் செய்தோம். மற்றச் சொற்களைத் திருத்திக்கொண்டிருக்கவில்லை. உச்சரிப்பு முழுவதையும் ஒரு வாரத்தில் மாற்றப் பார்த்தால் குழந்தை பயந்துதான் போவாள்.

கடைசி நான்கு வாக்கியங்களில் சபையை விட்டு ஆசிரியையின் பக்கம் திரும்பிப் பேச வேண்டும். அங்கே 'ஷீ' மறைந்து 'யூ' வரும். 'டீச்சர், யூ ஹாவ் டாட் அஸ் டு வெயிட் ஃபார் தி லாஸ்ட் பெஞ்ச். வீ ஆர் யுவர் லாஸ்ட் பெஞ்ச். வீ பிரே ஃபார் யூ. தேங்க் யூ, டீச்சர்.' 'தேங்க் யூ' என்றதும் ஒலிவாங்கியை விட்டு விலகிவிட வேண்டும். அதன்பின் ஒரு சொல்லும் கூடாது.

உரையை அழகான கையெழுத்தில் ஒரு தாளின் ஒரு பக்கத்தில் எழுதி, பின்பக்கத்தில் வகுப்பு மாணவியர் 38 பேரும் தமிழில் கையொப்பமிட்டு, மாலை அணிவித்த பிறகு ஆசிரியையிடம் கொடுத்தோம். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேடையிலேயே அதை ஒருமுறை படித்தார்.