பத்தாயிரம் டாலர் மிச்சம், 69 கோடி டாலர் நஷ்டம்

வங்கியின் டிரெஷரி பிரிவில் டீலிங் ரூம் என்று ஓர் அறை உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கும் டீலர், போனிலோ திரையிலோ இன்னொரு வங்கியுடன் பேசி, சில வினாடிகளில் பல கோடிக்கு வெளிநாட்டுப் பணத்தை வாங்குவார், விற்பார். இதைப் பிரண்ட் ஆபீஸ் என்பார்கள். அவர் முடித்த வியாபாரத்தைக் கணக்கில் ஏற்றுவதும், எதிர்த்தரப்பு வங்கியிடம் 'இப்படி ஒரு வியாபாரம் நடந்தது உண்மைதானா' என்று கேட்டு எழுத்தில் உறுதி வாங்குவதும் பேக் ஆபீஸின் வேலை. அந்த உறுதிக் கடிதத்தின் பெயர் கன்பர்மேஷன். அதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருந்த ஆல்ஃபர்ஸ்ட் வங்கியைவிடத் தெளிவான பாடம் இல்லை.

அயர்லாந்தின் ஏ.ஐ.பி. வங்கிக்குச் சொந்தமான அந்த வங்கியில் ஜான் ரஸ்னக் என்பவர் டீலர். யென் மதிப்பு உயரும் என்று நம்பி வாங்கிக் குவித்தார். 1997இல் அது சரிந்தது. நஷ்டத்தை மறைக்க அவர் செய்த தந்திரம் எளிமையானது. ஆசிய வங்கி ஒன்றுக்கு ஓர் ஆப்ஷன் விற்றதாகவும், அதே வங்கியிடம் இன்னோர் ஆப்ஷன் வாங்கியதாகவும் கணினியில் ஏற்றுவார். இரண்டுக்கும் பிரீமியம் ஒரே தொகை என்பதால் பணம் கைமாற வேண்டியதில்லை. விற்றது அன்றே காலாவதியாகும். வாங்கியது பல வாரம் உயிரோடு இருக்கும். மறுநாள் கடன் பக்கம் மறைந்துபோய், சொத்துப் பக்கம் மட்டும் புத்தகத்தில் நிற்கும். இரண்டுமே பொய்.

கொஞ்சம் நிதானமாகப் பார்த்திருந்தால் போதும். இன்றைக்கே முடியும் ஆப்ஷனும் அடுத்த மாதம் முடியும் ஆப்ஷனும் ஒரே விலைக்குப் போகுமா? போதாததற்கு, அவர் விற்றதாகக் காட்டிய ஆப்ஷன் வாங்கியவருக்குக் கொழுத்த லாபம் தரும் நிலையில் இருந்தும், அதை யாரும் கேட்டு வராமலே காலாவதியானது. இப்படி ஒருமுறையல்ல, திரும்பத் திரும்ப நடந்தது.

பேக் ஆபீஸ் ஏன் கேட்கவில்லை? பணம் கைமாறாத ஜோடிகளுக்குக் கன்பர்மேஷன் தேவையில்லை என்று ரஸ்னக் அவர்களை நம்பவைத்துவிட்டார். ஆசியாவில் பகல் என்றால் பால்டிமோரில் நள்ளிரவு; ராத்திரியில் போன் போட வேண்டியதில்லை என்பது அவர்களுக்கும் வசதியாக இருந்தது.

வரம்புகளும் அப்படியே தோற்றன. ஒரு நாளில் எவ்வளவு இழக்க நேரலாம் என்று கணக்கிட்டு, அதற்கு 15.5 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். ஆனால் பொய் ஆப்ஷன்களையும் சேர்த்துக் கணக்கிட்டதால், உண்மையான ஆபத்து சமன்பட்டதுபோல் தெரிந்தது. இன்னொன்றுதான் மனதை உறுத்துகிறது. புத்தகத்தை மதிப்பிடத் தேவையான மாற்று விகிதங்கள் ரஸ்னக்கின் கணினி வழியாகவே வந்தன. ராய்ட்டர்ஸிடமிருந்து பேக் ஆபீஸுக்கு நேரடி இணைப்பு வாங்க 10,000 டாலர் ஆகும். வங்கி அதைச் செலவழிக்க விரும்பவில்லை. இருக்கைகள் தனித்தனியாக இருந்தும், பேக் ஆபீஸ் டீலரின் எண்களையே நம்பியிருந்தது. இதை நான் பிரிவினை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்தணிக்கையும் மிகச் சில வியாபாரங்களை மட்டும் மாதிரிக்கு எடுத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தது.

கடைசியில் பேக் ஆபீஸ் மேற்பார்வையாளர் ஒருவர், கன்பர்மேஷன் இல்லாத ஆப்ஷன்கள் இருப்பதைக் கவனித்துக் கேள்வி எழுப்பினார். ரஸ்னக் கொடுத்த காகிதங்கள் போலியாகத் தெரிந்தன. ஆசிய வங்கிகளுக்கே போன் செய்தபோது, அப்படி வியாபாரமே இல்லை என்று பதில் வந்தது. 2002 பிப்ரவரியில் வங்கி அறிவித்த நஷ்டம் சுமார் 69 கோடி டாலர். ரஸ்னக்குக்கு ஏழரை ஆண்டு சிறை.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி பிரண்ட், மிட், பேக் ஆபீஸ்களைப் பிரித்து வைக்கச் சொல்கிறது. டிரெஷரிக்கு உடனுக்குடன் நடக்கும் கன்கரன்ட் ஆடிட்டையும் வலியுறுத்துகிறது. இதெல்லாம் காகிதத்தில் சரியாக இருக்கும். அதனால் டீலிங் ரூமைத் தணிக்கை செய்யப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். லிமிட் அறிக்கையைப் பார்க்குமுன், அதில் உள்ள விலை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மாதிரி எடுப்பதற்கு முன்பே, கன்பர்மேஷன் வராத வியாபாரங்களின் முழுப் பட்டியலையும், எத்தனை நாளாக வரவில்லை என்ற விவரத்தோடு வாங்குங்கள். கன்பர்மேஷன் எந்த வங்கியிடமிருந்து, யார் கைக்கு நேராக வந்தது என்று பாருங்கள். டீலர் கொண்டுவந்து கொடுத்த கன்பர்மேஷனை வராத கன்பர்மேஷனாகவே எண்ணி, எதிர்த்தரப்பு வங்கிக்கு நீங்களே போன் செய்யுங்கள்.