ரசீது ஒன்று, கட்டணம் இரண்டு: கல்வி அலுவலரிடம் புகார் கொடுப்பது எப்படி?

தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளி எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதைப் பள்ளி நிர்வாகம் தன் விருப்பத்துக்கு முடிவு செய்ய முடியாது. 2009-ஆம் ஆண்டு வந்த தமிழ்நாடு பள்ளிகள் கட்டண வசூல் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு, பள்ளியின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்து, வகுப்பு வாரியாகத் தொகையை நிர்ணயிக்கிறது. அந்த ஆணை மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். அதற்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். நீதிமன்றத்தில் நிரூபணமானால் சிறைத் தண்டனை உண்டு. கூடுதலாக வாங்கிய பணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் பல புகார்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. “பள்ளியில் அநியாயக் கட்டணம் வாங்குகிறார்கள்” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அலுவலர் பள்ளியிடம் விளக்கம் கேட்பார். பள்ளி தன் ரசீதுப் புத்தகத்தைக் காட்டும். அதில் எல்லாம் சரியாகவே இருக்கும், கோப்பும் மூடப்படும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நான்காம் வகுப்புக்குக் குழு நிர்ணயித்த தொகை 18,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி கேட்பது 41,000. பெற்றோர் முழுத் தொகையையும் கட்டுகிறார். பள்ளியின் பெயரில் அவருக்குக் கிடைக்கும் ரசீதில் இருப்பது 18,500 மட்டுமே. மீதி 22,500-இல் 15,000 ரூபாய்க்கு, பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் பெயரில் ‘நன்கொடை’ என்று வேறொரு ரசீது வருகிறது. 7,500 ரூபாய் ‘ஸ்மார்ட் கிளாஸ்’ என்று ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது. அதில் முத்திரையும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. விசாரணையில் பள்ளி முதல் ரசீதை மட்டும்தான் காட்டும். மற்ற இரண்டையும் காட்ட வேண்டியவர் பெற்றோர்தான்.

எனவே புகாருக்கு முன் கையில் இருக்க வேண்டியது கட்டண நிர்ணய ஆணையின் நகல். பள்ளி அதைத் தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆணை எந்தக் கல்வியாண்டுகளுக்கு உரியது, எந்தெந்தக் கட்டணங்கள் அதில் அடங்கும் என்பதைக் கவனித்துப் படியுங்கள். வேன் கட்டணம், புத்தகம், சீருடை போன்றவை அந்தத் தொகையில் சேராமல் இருக்கலாம். அவற்றையும் கூட்டிக் ‘கூடுதல் கட்டணம்’ என்று எழுதினால், ஒரு தவறான எண்ணைக் காட்டி முழுப் புகாரையும் பள்ளி மறுத்துவிடும்.

ரொக்கமாகக் கட்டாமல் வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கட்டினால், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பது பதிவாகிவிடும். பள்ளி அனுப்பும் வாட்ஸ்அப் தகவல், டைரியில் ஒட்டி அனுப்பும் கட்டணச் சீட்டு ஆகியவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

புகாரை மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்) எழுதி, நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் கட்டண நிர்ணயக் குழுவுக்கும் அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் போதும். அதன் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்: “கட்டண நிர்ணயக் குழுவின் ஆணைப்படி நான்காம் வகுப்புக் கட்டணம் ரூ.18,500. என்னிடம் பெறப்பட்டது ரூ.41,000. கூடுதல் ரூ.22,500-க்கான இரு சீட்டுகளின் நகல்களை இணைத்துள்ளேன். விசாரித்து, கூடுதல் தொகையைத் திரும்பப் பெற்றுத் தரவும், விசாரணை முடிவை எனக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.” அசல் சீட்டுகளை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபால் என்றால் விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வி அலுவலர் பள்ளிக்குச் சென்று பதிவேடுகளைப் பார்க்கலாம், விளக்கம் கேட்கலாம், அறிக்கை அனுப்பலாம். கூடுதல் வசூல் பற்றிய புகாரை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரம் கட்டண நிர்ணயக் குழுவுக்கு உண்டு. குழுவுக்கு நகல் அனுப்பச் சொல்வது இதனால்தான். அலுவலகத்தில் அசைவே இல்லை என்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். “என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன?” என்று மீண்டும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

புகார் கொடுத்தால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்ற பயம்தான் பெரும்பாலானோரின் வாயைக் கட்டுகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. மன உளைச்சல் தருவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. கட்டணத்துக்காகக் குழந்தையை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால், அன்றே தேதியிட்டு அதையும் தனிப் புகாராக எழுதுங்கள். ஒரே வகுப்பின் பெற்றோர் பத்துப் பேர் அவரவர் சீட்டுகளை இணைத்துக் கையெழுத்திட்டால், பள்ளியால் எந்த ஒரு பிள்ளையையும் குறிவைக்க முடியாது. பத்துப் பேரிடமும் ஒரே மாதிரிச் சீட்டு இருக்கும்போது, ‘விரும்பித் தந்த நன்கொடை’ என்ற விளக்கமும் நிற்காது.