ஒரு வினாடி எங்கே போனது?

மாணவர்களே, இணையக் கடை ஒன்றில் பொருள்களைத் தேர்ந்தெடுத்து ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்துகிறீர்கள். ஒரு வினாடி கழித்துதான் ‘ஆர்டர் பதிவானது’ என்று திரை காட்டுகிறது. அந்த ஒரு வினாடியை எந்த வேலை எடுத்துக்கொண்டது? கடையை நடத்தும் பொறியாளர்களுக்கே இந்தக் கேள்விக்கு உடனே விடை தெரியாது.

காரணம் இதுதான். இன்றைய பெரிய இணையக் கடை ஒரே நிரலாக இருப்பதில்லை. பொருள் கூடையைக் கவனிக்க ஒரு நிரல், விலைப்பட்டியலுக்கு ஒன்று, பணம் செலுத்த ஒன்று என்று பிரிந்திருக்கும். இவற்றை நுண்சேவைகள் என்பார்கள். ஒவ்வொரு நுண்சேவையும், தான் இயங்கத் தேவையான கோப்புகளுடன் ஒரு கொள்கலனுக்குள் தனியாக ஓடும். ஒவ்வொன்றும் தன் வேலையைப் பற்றித் தனிக் குறிப்பு எழுதும். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் பொருள் வாங்கினால், எந்தக் குறிப்பு உங்கள் ஆர்டருக்கு உரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அது போகும் இடமெல்லாம் அந்த எண்ணையும் கூடவே அனுப்புவதுதான். ஓப்பன்டெலிமெட்ரி என்ற திறந்தமூலத் திட்டம் இதற்கான கருவிகளைத் தருகிறது. ஓப்பன்டிரேசிங், ஓப்பன்சென்சஸ் என்ற இரண்டு திட்டங்கள் 2019-இல் இணைந்து இது உருவானது. ஒரு சேவை இன்னொரு சேவையை அழைக்கும்போது, கோரிக்கையோடு இப்படி ஒரு வரி செல்கிறது:

```
traceparent: 00-4bf92f3577b34da6a3ce929d0e0e4736-00f067aa0ba902b7-01
```

கோடுகளால் பிரிந்த நான்கு பகுதிகளைப் பாருங்கள். முதலில் உள்ள `00` பதிப்பு எண். அடுத்த 32 இலக்கங்கள் முழுப் பயணத்தின் அடையாளம். கடைசிச் சேவை வரை இது மாறாது. அதற்கடுத்த 16 இலக்கங்கள், அழைத்தவர் செய்துகொண்டிருந்த வேலையின் அடையாளம். இறுதியில் `01` என்றால் இந்தப் பயணம் பதிவு செய்யப்படுகிறது என்று பொருள்.

ஒவ்வொரு வேலைக்கும் தொடக்க நேரம், முடிவு நேரம், ‘என்னை அழைத்தவர் யார்’ என்ற குறிப்பு ஆகியவை பதிவாகும். இப்படிப்பட்ட ஒரு பதிவுக்கு ஸ்பேன் என்று பெயர். ஒரே பயண எண் கொண்ட ஸ்பேன்கள் எல்லாம் சேர்ந்தது டிரேஸ். யேகர் போன்ற ஒரு கருவி, டிரேசைப் படுக்கைக் கோடுகளாகத் திரையில் வரைந்து காட்டும். மேலே அழைத்த வேலை, அதன் கீழே சற்று உள்தள்ளி அது அழைத்த வேலைகள். கோடு நீளமாக இருந்தால் அந்த வேலை அதிக நேரம் எடுத்தது என்று அர்த்தம்.

இனி ஒரு டிரேசைப் படித்துப் பார்ப்போம். ஓப்பன்டெலிமெட்ரி திட்டமே ‘அஸ்ட்ரானமி ஷாப்’ என்ற மாதிரிக் கடையை எழுதி வெளியிட்டிருக்கிறது. தொலைநோக்கி விற்கும் கடை அது. அதன் செக்அவுட் சேவை, ஆர்டர் வந்ததும் முதலில் கூடையைக் கேட்கும். பிறகு கூடையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் விவரத்தைக் கேட்டு, விலையை வாடிக்கையாளரின் நாணயத்துக்கு மாற்றும். அதன் பின் அனுப்பும் கட்டணம், பணம் செலுத்துதல், பொருளை அனுப்புதல், மின்னஞ்சல் என்று வரிசையாகச் செல்லும். கூடையில் 8 பொருள்கள் இருப்பதாகக் கொள்வோம். கணக்குப் போட எளிதாக, எண்களை நானே வைத்திருக்கிறேன். எல்லாம் மில்லிவினாடியில்:

```
PlaceOrder        0 – 1000
  GetCart         0 – 20
  GetProduct     20 – 60
  Convert        60 – 70
  GetProduct     70 – 110
  Convert       110 – 120
  ...
  Charge        590 – 840
  ...
```

மிக நீளமான கோடு எது? `PlaceOrder`. ஆனால் அதைக் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் முடிக்கும்வரை அது காத்திருந்ததால்தான் அதன் கோடு நீண்டது. எனவே முதல் விதி: ஒரு கோட்டின் நீளத்திலிருந்து அதன் கீழுள்ள கோடுகள் மூடும் நேரத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் அதன் சொந்த நேரம். இங்கே 490 முதல் 590 வரை கீழே எந்தக் கோடும் இல்லை. மற்ற இடமெல்லாம் நிரம்பியிருக்கிறது. ஆகவே `PlaceOrder`-இன் சொந்த நேரம் 100 மட்டுமே.

அடுத்து நம் கண்ணில் படுவது `Charge`, 250. “பணம் செலுத்தும் சேவைதான் மெதுவாக இருக்கிறது” என்று பலர் இங்கேயே முடிவு கட்டிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். `GetProduct`, `Convert` கோடுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் குட்டிக் கோடு. ஆனால் ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கி, படிக்கட்டு போல இறங்குகின்றன. ஒரு பொருளுக்கு 40 + 10 = 50. எட்டுப் பொருளுக்கு 400! மெதுவான சேவை என்று இங்கே எதுவும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பதுதான் நேரத்தைத் தின்கிறது.

இரண்டு தீர்வுகளையும் ஒப்பிடுவோம். பணம் செலுத்தும் குழு பாடுபட்டு `Charge`-இன் நேரத்தைப் பாதியாக்கினால் 125 மிச்சம். அதற்குப் பதில், எட்டுப் பொருள்களின் விவரத்தையும் ஒரே நேரத்தில் கேட்டால், விலைப்பட்டியல் சேவை அந்தச் சுமையைத் தாங்கும் வரை, 400 ஏறக்குறைய 50 ஆகும். 350 மிச்சம். தவறான கோட்டைப் பிடித்தால் ஒரு குழுவின் பல வார உழைப்பு சிறு பலனோடு முடிந்துவிடும்.

டிரேஸ் நம்மை ஏமாற்றும் இடங்களும் உண்டு. அந்த 490–590 வெற்றிடத்தை மீண்டும் பாருங்கள். செக்அவுட் தானே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது ஸ்பேன் பதிவு செய்யாத ஏதோ ஒரு நிரலை அழைத்துவிட்டுக் காத்திருக்கலாம். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அந்த இடத்தில் இன்னொரு ஸ்பேன் சேர்த்தால்தான் உண்மை புரியும். இடையில் ஒரு சேவை `traceparent` வரியை அடுத்த சேவைக்குக் கடத்த மறந்தால், டிரேஸ் இரண்டாக அறுந்துவிடும். மீதிப் பாதி, யாரும் அழைக்காமல் தானே தொடங்கியது போல வேறொரு பயண எண்ணில் கிடக்கும்.

கடிகாரமும் குழப்பும். ஓர் அழைப்புக்கு அழைத்தவர் பக்கம் ஒரு ஸ்பேன், பதில் தந்தவர் பக்கம் ஒரு ஸ்பேன் என இரண்டு பதிவாகும். ஒரே கணினியில் ஓடும் கொள்கலன்கள் அந்தக் கணினியின் கடிகாரத்தையே பயன்படுத்துவதால் அங்கே சிக்கல் இல்லை. வெவ்வேறு கணினிகளின் கடிகாரங்களோ சில மில்லிவினாடி விலகியிருக்கலாம். அப்போது, அழைப்பு வருவதற்கு முன்பே ஒருவர் பதில் சொல்லத் தொடங்கியது போலக் கோடு தெரியும். அந்த நேரத்தில் கோடு எங்கே தொடங்குகிறது என்பதைவிட, அதன் நீளத்தை நம்புங்கள். நீளத்தின் இரு முனைகளையும் அளந்தது ஒரே கடிகாரம் அல்லவா?

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. அதே கடையில் ஒருவர் 20 பொருள்கள் வாங்குகிறார். மற்ற நேரங்கள் எதுவும் மாறவில்லை. ஆர்டர் முடிய எவ்வளவு நேரமாகும்? படிக்கட்டு மட்டும் 20 × 50 = 1000. மற்றவை முன்பு போலவே 600. மொத்தம் 1600. `Charge` அதே 250-இல்தான் நிற்கிறது. நிறைய வாங்கும் வாடிக்கையாளரே அதிகம் காத்திருக்கிறார் என்று யாராவது புகார் சொன்னால், டிரேசில் முதலில் எதைத் தேட வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.