aaab, abba: விடையின் குறையைக் காட்டிக்கொடுக்கும் சரங்கள்

கணினி அறிவியல் மாணவர்களின் ‘தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்’ தாளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது: “இன்ன வகைச் சரங்களை மட்டும் ஏற்கும் முடிவுறு தானியங்கி ஒன்றை வடிவமைக்கவும்.” விடை என்று பார்த்தால் நாலைந்து வட்டங்கள், அவற்றுக்கு இடையே சில அம்புக்குறிகள், அவ்வளவுதான். அதில் ஓர் அம்பு இடம் மாறிப்போனாலும் விடை தவறு. படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அந்தத் தவறு தெரியாது. சரங்களை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதுவும் சரியான சரமாக இருக்க வேண்டும்.

சரம் என்பது எழுத்துகளின் வரிசை. தானியங்கி அதை இடமிருந்து வலமாக, ஒவ்வோர் எழுத்தாக, ஒரே முறைதான் படிக்கும். திரும்பிப் பார்க்க முடியாது, எழுதி வைக்கக் காகிதமும் கிடையாது. இப்போது எந்த வட்டத்தில், அதாவது எந்த நிலையில் நிற்கிறோம் என்பது மட்டுமே அதன் நினைவு. கடைசி எழுத்தைப் படித்து முடிக்கும்போது ஏற்பு நிலையில் நின்றால் சரம் தேறியது, இல்லாவிட்டால் இல்லை.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். a, b என்ற இரண்டே எழுத்துகள். சரத்தில் எங்காவது aab என்ற துண்டு அடுத்தடுத்து வந்திருக்க வேண்டும். abaabb தேறும், abab தேறாது.

பலர் எடுத்த எடுப்பில் வட்டம் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இதுவரை படித்ததில் எதை நினைவில் வைத்தால் போதும்? aab என்ற துண்டில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது போதும். ஆக நான்கு நிலைகள். q0 என்றால் துண்டு இன்னும் தொடங்கவில்லை. q1 என்றால் கடைசியாக ஒரு a வந்திருக்கிறது. q2 என்றால் கடைசி இரண்டு எழுத்துகளும் a. q3 என்றால் aab வந்துவிட்டது. இனி என்ன வந்தாலும் கவலையில்லை. இப்படி ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் அம்புகளை அந்த வாக்கியங்களே சொல்லிவிடும்.

```
நிலை        a     b
q0          q1    q0
q1          q2    q0
q2          q2    q3
q3 (ஏற்பு)   q3    q3
```

இந்த எட்டு அம்புகளில் மாணவர்களைக் கவிழ்ப்பது q2-இல் a வரும்போது போகும் அம்பு. “b வர வேண்டிய இடத்தில் a வந்துவிட்டது, துண்டு உடைந்தது, இந்த a-வை முதல் a-வாக வைத்துக்கொள்வோம்” என்று நினைத்து q1-க்குத் திருப்பிவிடுவார்கள். ஆனால் q2-இன் வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். aa-வுக்குப் பின் இன்னொரு a வந்தாலும் கடைசி இரண்டு எழுத்துகள் a-தான். எனவே நிலை மாறக் கூடாது.

இனிச் சோதனை. அம்பைத் தவறாகப் போட்ட படத்தில் aab ஓட்டினால் தேறும். baab தேறும். abaabb-யும் தேறும். இன்னும் மோசம், aaaab-யும் தேறிவிடும்! q1, q2, மறுபடி q1, q2 என்று ஊசலாடி, நான்காவது a-வில் தற்செயலாக q2-க்கு வந்து சேர்ந்துவிடும். aaab-ஐ ஓட்டும்போதுதான் குட்டு உடைகிறது. மூன்றாவது a-வில் q1-க்கு இறங்கி, b வந்ததும் q0-க்குப் போய், ஏற்க வேண்டிய சரத்தைத் தள்ளிவிடுகிறது.

அப்படியானால் aaab-ஐ எப்படித் தேர்ந்தெடுப்பது? அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை, வழி இருக்கிறது. சந்தேகப்படும் அம்பு புறப்படும் நிலைக்குக் கொண்டுபோகும் சரம் ஒன்று: q2-க்கு aa. அதோடு அந்த அம்பின் எழுத்து: a. போய்ச் சேர வேண்டிய நிலையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் வால் ஒன்று: b வந்ததும் ஏற்பது, ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்ட q3-ஐத் தவிர, q2 மட்டும்தான். மூன்றையும் ஒட்டினால் aaab. q3-இல்தான் நிற்கிறோமோ என்ற ஐயத்தை, வால் இல்லாத aaa-வை ஓட்டித் தீர்த்துக்கொள்ளலாம். மென்பொருள் சோதனைக்காக 1978-இல் டி. எஸ். சௌ எழுதிய கட்டுரையின் மையமும் ஏறத்தாழ இந்த உத்திதான்.

உள்ளே திறந்து பார்க்காமல், வெளியிலிருந்து கொடுத்து வாங்கியே ஓர் இயந்திரத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்ற கேள்வியை 1956-இலேயே எட்வர்ட் மூர் ஆராய்ந்திருந்தார். அந்த வழியில் கிடைத்த முடிவு மாணவருக்கு நேரடியாகப் பயன்படும். நான்கு நிலைகள் கொண்ட இரண்டு தானியங்கிகள் எங்காவது வேறுபட்டால், ஆறு எழுத்துக்கு மிகாத ஒரு சரத்திலேயே அந்த வேறுபாடு வெளிப்பட்டாக வேண்டும். வெற்றுச் சரத்தையும் சேர்த்தால் அப்படிப்பட்ட சரங்கள் மொத்தம் 127. அத்தனையிலும் இரண்டும் ஒத்துப்போனால் அதுவே முழு நிரூபணம்.

இலக்கணத்துக்கு வந்தால் இந்த வசதி பறிபோகிறது.

a-க்களும் b-க்களும் சம எண்ணிக்கையில் உள்ள சரங்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு எந்த முடிவுறு தானியங்கியும் போதாது. a, aa, aaa என்று நீண்டுகொண்டே போகும்போது நிலைகள் தீர்ந்து, இரண்டு வெவ்வேறு எண்ணிக்கைகள் ஒரே நிலையில் வந்து சேரும். மூன்று a-வும் ஐந்து a-வும் அப்படிச் சேர்ந்தால், aaabbb-ஐ ஏற்கும் இயந்திரம் aaaaabbb-ஐயும் ஏற்றே தீரும். ஆகவே விதிகளால் சரத்தைக் கட்டியெழுப்பும் இலக்கணம் தேவைப்படுகிறது. பலர் முதலில் எழுதுவது இது. ε என்பது வெற்றுச் சரம்.

```
S → aSb | bSa | ε
```

ஒவ்வொரு விதியும் ஒரு a-வையும் ஒரு b-யையும் சேர்த்தே தருவதால் தவறான சரம் உள்ளே நுழைய வழியில்லை. வர வேண்டியவை எல்லாம் வருகின்றனவா? நான்கு எழுத்தில் சமமாக அமையும் சரங்கள் ஆறு. aabb, abab, baba, bbaa நான்கும் கிடைத்துவிடுகின்றன. abba, baab இரண்டும் கிடைக்கவில்லை. காரணம் எளிது. இந்த விதிகளில் பிறக்கும் சரத்தின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒருபோதும் ஒன்றாக இருக்க முடியாது.

S → SS என்று இன்னொரு விதியைச் சேர்த்தால் ab, ba இரண்டும் ஒட்டி abba கிடைக்கிறது. இனி வேறு எதுவும் விட்டுப்போகாது என்று எப்படிச் சொல்வது? இரு முனைகளும் வேறு வேறு எழுத்தாக இருந்தால் முதல் இரண்டு விதிகளில் ஒன்று பொருந்தும். உள்ளே மிஞ்சுவதும் சமமாகவே இருக்கும். இரு முனைகளிலும் a இருந்தால், a-க்களின் எண்ணிக்கையிலிருந்து b-க்களைக் கழித்துக்கொண்டே வாருங்கள். முதல் எழுத்துக்குப் பின் கணக்கு +1. முடிவில் அது 0 ஆக வேண்டும் என்பதால், கடைசி a-வுக்கு முன்னால் -1. ஒவ்வொரு படியிலும் ஒன்று மட்டுமே கூடும் அல்லது குறையும். ஆகவே நடுவில் எங்கோ 0-வைத் தொட்டே ஆக வேண்டும். அந்த இடத்தில் வெட்டினால் இரண்டு சமமான துண்டுகள், அதாவது SS. முனைகளில் b இருந்தாலும் இதே வாதம்தான்.

இந்த நிரூபணத்துக்கு மாற்றாக, தானியங்கிக்குக் கிடைத்த 127 போல ஓர் எண் இங்கே கிடையாது. இரண்டு இலக்கணங்கள் ஒரே சரங்களைத்தான் தருகின்றனவா என்பதை எல்லா இலக்கணங்களுக்கும் தீர்த்துச் சொல்லும் பொது வழிமுறை இருக்கவே முடியாது என்று பார்-ஹில்லல், பெர்லஸ், ஷமீர் மூவரும் 1961-இல் நிறுவிவிட்டார்கள். ஆகவே தேர்வு எழுதுபவர்கள் தானியங்கி வரைந்தால் ஒவ்வொரு வட்டத்தின் கீழும் அதன் வாக்கியத்தை எழுதிவிட்டு, ஒவ்வோர் அம்பையும் ஒரு சரத்தால் தொட்டுப் பாருங்கள். இலக்கணம் எழுதினால் இரண்டு, நான்கு எழுத்துச் சரங்களை ஒன்று விடாமல் எழுதிச் சோதித்த பிறகு, ஏன் எதுவும் விட்டுப்போகவில்லை என்பதற்கான காரணத்தையும் விடைத்தாளில் நாலு வரி எழுதுங்கள்.