புதிதாகக் கார் ஓட்டும் பிள்ளைக்கு ஒரு டயர் குறிப்பு

உரிமம் வாங்கிய கையோடு மகளோ மகனோ காரை எடுக்கத் தொடங்கும்போது, பெற்றோர் எழுதிக் கொடுக்கும் டயர் குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய வேலை அதில் இருந்தால் போதும். மாதக் கணக்குக்குக் காரணம் உண்டு. ஓட்டை எதுவும் இல்லாத நல்ல டயரில்கூட ரப்பர் வழியாகக் காற்று கசிந்து, மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பிஎஸ்ஐ குறைகிறது. இது கண்ணுக்குத் தெரியாது. ரேடியல் டயர் தரையைத் தொடும் இடத்தில் எப்போதுமே சற்றுப் பிதுங்கித்தான் இருக்கும். 33 பிஎஸ்ஐ உள்ள டயரும் 26 உள்ள டயரும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். காலால் உதைத்துப் பார்ப்பதும் எதையும் சொல்லாது. ஆகவே குறிப்பின் முதல் வரியில் வர வேண்டியது ஒரு சிறிய கேஜ். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தக் கருவி காரிலேயே இருக்கட்டும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கும். சில கார்களில் அது பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அடித்துவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, காருக்கு ஏற்ற அளவு அல்ல. ஸ்டிக்கரில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது என்பதையும் குறிப்பில் அடிக்கோடிட வேண்டும். ஓடும்போது டயர் நெளிந்து சூடாகும், உள்ளே காற்று விரியும். ஏறத்தாழ ஐந்தரை டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் ஒரு பிஎஸ்ஐ கூடும். நெடுஞ்சாலையில் ஓடிவந்த டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ அதிகம் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் டயர் தளர்ந்திருக்கும். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, வெயில் ஏறும் முன் அளப்பதே சரி.

இனி ஒரு மாதத்தின் கணக்கைப் பார்க்கலாம். ஸ்டிக்கர் நான்கு சக்கரங்களுக்கும் 33 கேட்கிறது. போன மாதம் நான்கிலும் 33 நிரப்பப்பட்டது. இந்த மாதம் ஞாயிறு காலை, வீட்டு வாசலிலேயே அளந்தால் முன் வலது 32, பின் இரண்டும் 31, முன் இடது மட்டும் 26. இவற்றை நோட்டில் எழுதிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும். பெட்ரோல் பங்குக்குப் போவதற்குள் டயர் சூடாகிவிடும். அங்கே முன் இடது 28 என்று காட்டலாம். அந்த 28-ஐ 33 ஆக்கினால் உண்மையில் குறைவாகவே நிரப்பியிருப்போம். வீட்டில் கண்ட குறை ஏழு. ஆகவே 28 உடன் ஏழு சேர்த்து 35 வரை அடிக்க வேண்டும். தானாக நிற்கும் காற்று மெஷினில் எண்ணைக் கேட்பார்கள். அப்போது 35 என்று சொல்ல நோட்டு கையில் இருக்க வேண்டும். மறுநாள் காலையில் அளந்தால் 33-க்கு அருகில் நிற்கும்.

இந்தக் கணக்கில் காற்றடித்ததைவிட முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. மற்ற மூன்றும் ஒன்று, இரண்டு என இறங்கியபோது ஒரு டயர் மட்டும் ஏழு இறங்கியிருக்கிறது. அது இயல்பான கசிவு அல்ல. ஆணி குத்தியிருக்கலாம், வால்வு தளர்ந்திருக்கலாம், விளிம்பில் துரு ஏறியிருக்கலாம். சோப்பு நீரை வால்வின் வாயிலும் பள்ளங்களிலும் ரிம் ஓரத்திலும் ஊற்றினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். ஆணி தென்பட்டால் பிடுங்காமல் பங்சர் கடைக்கு ஓட்டிச் செல்வது நல்லது. டியூப்லெஸ் டயரில் ஆணி இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும். ஓட்டை டயரின் நடுப்பகுதியில் இருந்தால் ஒட்டலாம். தோள்பட்டையிலோ பக்கச்சுவரிலோ இருந்தால் ஒட்டக் கூடாது, கடைக்காரர் ஒட்டித் தருகிறேன் என்றாலும் கூடாது. நெளியும் இடத்தில் ஒட்டு நிற்காது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு உள்ள கார்களிலும் இந்த அளவீடு தேவைதான். அந்த விளக்குகள் பெரும்பாலும் கால் பங்கு காற்று போன பிறகே எரிகின்றன. 26-இல் எரியாமலே இருக்கலாம். குறைந்த காற்றோடு வேகமாக ஓடும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறுகிறது. கோடையில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காற்று முடிந்ததும் பள்ளங்களைப் பார்க்க வேண்டும். புதிய டயரில் அவை சுமார் எட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். சாலையில் தேங்கும் மழைநீரை வெளியேற்றுவது அவற்றின் வேலை. ஆழம் போனால் நீரின் மேல் டயர் வழுக்கி, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கேட்காமல் போகும். கார்களுக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 1.6 மி.மீ. அளக்கக் கருவி தேவையில்லை. பள்ளத்தின் அடியில் குறுக்காகச் சிறு ரப்பர் மேடுகள் அந்த உயரத்திலேயே வைத்து வார்க்கப்பட்டிருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுவதுதான் நல்லது, மேடு தொடும்வரை காத்திருப்பது அல்ல.

தேய்ந்த விதத்தையும் பார்க்கத் தவறக் கூடாது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி நிறுத்தினால் முன் டயரின் உள் ஓரமும் தெரியும். பலர் பார்க்காமல் விடுவது அந்த ஓரத்தைத்தான். இரண்டு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று நெடுநாள் குறைவாக இருந்திருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். புது டயர் போட்டு அதைச் சரிசெய்யாமல் விட்டால் புதியதும் அதே ஓரத்தில் தேயும்.

பக்கச்சுவரைக் கையால் தடவிப் பார்க்கும்போது ஓரிடத்தில் வீங்கியிருந்தால், பள்ளத்தில் விழுந்த அடியில் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று பொருள். அதற்கு ஒட்டு கிடையாது. அன்றே கழற்ற வேண்டிய டயர் அது. உள்ளே ஒடுங்கிய மெல்லிய கோடு தெரிந்தால் கவலை வேண்டாம். டயருக்குள் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம் சில டயர்களில் அப்படித் தெரியும்.

வால்வு மூடிகள் நான்கும் இருக்கின்றனவா என்பது நொடி வேலை. மூடி இல்லாத வால்வில் புகும் மண் மெல்ல மெல்லக் கசிவை உண்டாக்கும். டயரின் வயதை ஒருமுறை பார்த்து நோட்டில் குறித்துவிட்டால் போதும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்; 1421 என்றால் 2021-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். வெளிப்பக்கம் காணாவிட்டால் உட்பக்கம் இருக்கும். அதிகம் ஓடாத காரில் பள்ளம் ஆழமாக இருந்தும் ரப்பர் காய்ந்து விரிசல் விடுவதுண்டு. ஐந்து ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் டயர் கடையில் காட்டச் சொல்வதும், பத்து ஆண்டில் எப்படி இருந்தாலும் மாற்றச் சொல்வதும் டயர் நிறுவனங்களின் வழக்கம்.

கடைசி வரி ஸ்டெப்னிக்கு. டிக்கியின் அடியில் கிடப்பதால் மாதக் கணக்கில் இதை யாரும் தொடுவதில்லை, ஆனால் இதிலும் காற்று இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எடுத்து அளப்பது சிரமம் என்பதால் குறித்த அளவைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாக நிரப்பி வைத்து, மாட்டும்போது சரிசெய்து கொள்ளலாம். சில கார்களில் வரும் மெலிந்த தற்காலிக ஸ்டெப்னிக்கு மட்டும் இது பொருந்தாது: அதற்கு 60 பிஎஸ்ஐ வரை தேவைப்படும், மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் ஓடக் கூடாது என்றும் இருக்கும். இரண்டு எண்ணும் அந்தச் சக்கரத்தின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஜாக்கும் வீல் ஸ்பேனரும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடலாம்.