கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டில்

பைக் விபத்தில் விலா எலும்பு முறிந்தவரின் கட்டிலுக்குக் கீழே, தரையை ஒட்டி ஒரு பாட்டில் இருக்கும். அவரது மார்பிலிருந்து வரும் குழாய் அதன் மூடி வழியே இறங்கித் தண்ணீருக்குள் முடியும். வார்டில் இதை 'ஐ.சி.டி.' என்பார்கள். பாட்டிலுக்குள் இருக்கும் குழாயைக் கவனித்தால், அதிலுள்ள தண்ணீர் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்குவது தெரியும். முதன்முறை பார்க்கும் உறவினர்கள் பயந்துவிடுவார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது, நோயாளி மூச்சுத் திணறும் நேரத்தில் அந்த அசைவு நின்றுபோனால்தான்.

நுரையீரல் தானாக விரிந்து நிற்பதில்லை. விட்டால் சுருங்கிவிடும். அதன் மேலுறைக்கும் மார்புச் சுவரின் உள்ளுறைக்கும் நடுவே மெல்லிய ஈரப்படலம் மட்டுமே உண்டு. அந்த இடுக்கின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சாதாரணமாகச் சற்றுக் குறைவு. அமைதியாக மூச்சை விட்டு முடிக்கும்போது சுமார் 5 சென்டிமீட்டர் நீர்மட்டம் அளவுக்கும், இழுத்து முடிக்கும்போது சுமார் 8 சென்டிமீட்டர் அளவுக்கும் குறைந்திருக்கும். இந்தக் குறைவுதான் நுரையீரலைச் சுவரோடு பிடித்துவைக்கிறது. முறிந்த விலா எலும்பு நுரையீரலைக் குத்திவிட்டால், மூச்சுக்காற்று அந்த இடுக்கில் கசிகிறது. பிடி விட்டுப்போய் நுரையீரல் சுருங்குகிறது.

கசிந்த காற்றை வெளியேற்ற ஓட்டை போட்டால் மட்டும் போதாது. அடுத்த மூச்சிலேயே வெளிக்காற்று அதே ஓட்டை வழியாக உள்ளே பாயும். போக விட்டு, வர விடாத ஒரு கதவு வேண்டும். அந்த வேலையைத் தண்ணீர் செய்கிறது. ஹாம்பர்க் நகர மருத்துவர் கோட்ஹார்ட் பியூலாவ், மார்புக்குள் தேங்கிய சீழை வடிக்க 1875-இல் பயன்படுத்திய முறை இதுவே.

பாட்டிலின் மூடியில் இரண்டு குழாய்கள் உண்டு. மார்பிலிருந்து வரும் நீளக் குழாயின் நுனி தண்ணீருக்குள் சுமார் 2 சென்டிமீட்டர் மூழ்கியிருக்கும். மற்றொன்று தண்ணீரைத் தொடாத குட்டைக் குழாய். அது வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்கும். நோயாளி மூச்சை விடும்போதோ இருமும்போதோ இடுக்கில் அழுத்தம் கூடும். 2 சென்டிமீட்டர் தண்ணீரைத் தள்ளும் அளவு கூடியதும் காற்று குமிழியாக வெளியேறி, குட்டைக் குழாய் வழியே போய்விடும். மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைய, காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் குழாயில் ஏறுகிறது, இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதுபோல. எவ்வளவு ஏறும் என்பதைக் கணக்கிடுவது எளிது. அழுத்தம் 8 சென்டிமீட்டர் குறைந்தால் தண்ணீர் 8 சென்டிமீட்டர் ஏறும். 5 ஆனால் 5-க்கு இறங்கும். ஆக, அந்தக் குழாய் மார்புக்குள் இருக்கும் அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் அளவுகோல். நோயாளி சிரமப்பட்டு மூச்சிழுத்தால் தண்ணீர் இன்னும் உயரம் ஏறும். அது மார்பை எட்டிவிடாமல் இருக்கத்தான் பாட்டிலைத் தாழ்வாக வைக்கிறார்கள். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது யாராவது பாட்டிலைத் தூக்கி நோயாளியின் மடியில் வைத்தால், உள்ளே இருப்பது திரும்ப மார்புக்கே ஓடும்.

காற்றோடு ரத்தமும் வந்தால் அது தன் கனத்தாலேயே கீழே வடியும். ஆனால் இங்கே ஒரு சிக்கல். பாட்டில் நிரம்ப நிரம்பக் குழாயின் நுனி ஆழத்தில் போகிறது. 2 சென்டிமீட்டராக இருந்தது 8 ஆகிவிட்டால், காற்று வெளியேற அத்தனை அழுத்தத்தை மீற வேண்டும். அதனால்தான் ரத்தத்துக்குத் தனியாக ஒரு பாட்டில், தண்ணீர்க் கதவுக்குத் தனியாக ஒன்று என இரண்டு வைப்பதும் உண்டு. நீர் பல நாள் தேங்கியிருந்தால் முழுவதையும் ஒரே மூச்சில் வடிக்கக் கூடாது. சுமார் ஒன்றரை லிட்டருக்குள் நிறுத்துவார்கள். சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளக்கூடும்.

முதல் நாள் நம் பைக்காரருக்கு மூச்சு விடும்போதெல்லாம் குமிழி வருகிறது. மறுநாள் இருமினால் மட்டும் வருகிறது. கிழிசல் ஆறிவருகிறது என்று பொருள். பிறகு குமிழி நின்று, தண்ணீரின் ஏற்ற இறக்கமும் மெல்லக் குறைந்து, மூச்சும் இலகுவாக இருந்தால் நுரையீரல் விரிந்து குழாயின் வாயை அடைத்திருக்கலாம். எக்ஸ்ரே அதை உறுதிசெய்யும். அதே அசைவு சட்டென நின்று அவர் திணறினால் கதை வேறு. முதலில் போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டும். குழாய் உடம்புக்கு அடியில் மடிந்திருக்கலாம், ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். குமிழி வந்துகொண்டிருக்கும் குழாயைக் கிளாம்ப் போட்டு மூடுவதும் இதே ஆபத்துதான். வெளியேற வழியில்லாத காற்று உள்ளே சேர்ந்து, இதயத்தையே ஒருபக்கம் தள்ளிவிடும்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இந்த ஆட்டம் தலைகீழாகும். இயந்திரம் காற்றை உள்ளே தள்ளும்போது தண்ணீர் இறங்கும், விடும்போது ஏறும்.

கசிவு நின்று, வடிவதும் குறைந்து, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருந்தால் குழாயை எடுத்துவிடலாம். மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்லி, குழாயை ஒரே இழுப்பில் உருவி, முன்பே போட்டுவைத்த தையலை உடனே இறுக்குவார்கள். பிறகு இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, காற்று மறுபடி சேரவில்லை என்று பார்த்துக்கொள்வார்கள்.